பைகார்பனேட் கரைசலின் pH: இரண்டு Ka மதிப்புகளிலிருந்து கணக்கிடும் முறை

தொடக்கக்கல்லூரிப் பிள்ளைகளுக்குத் துணைப்பாடம் எடுக்கும்போது ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. வீரியம் குறைந்த அமிலத்தின் pH கேட்டால் போட்டுவிடுவார்கள். தாங்கல் கரைசல் கேட்டாலும் போட்டுவிடுவார்கள். "0.10 M சோடியம் பைகார்பனேட்டின் pH என்ன?" என்று கேட்டால் மட்டும் பேனா நின்றுவிடும். "சார், இதை அமிலம்னு எடுக்கணுமா, காரம்னு எடுக்கணுமா?" என்ற கேள்வி வரும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் விடை தப்பாகத்தான் வரும். ஏன் என்பதையும், எந்த வரிசையில் போட்டால் தப்பாது என்பதையும் கீழே எழுதியிருக்கிறேன்.

சூத்திரம் மட்டும் வேண்டுமென்றால் 4-ஆம் படிக்குத் தாவலாம். ஆனால் அது எப்போது பொய் சொல்லும் என்பது 3, 6, 7-இல்தான் இருக்கிறது.

## 1. கணக்கைத் தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மூன்று எண்கள் போதும்: கரைசலின் செறிவு C, முதல் பிரிகை மாறிலி Ka1, இரண்டாம் பிரிகை மாறிலி Ka2. நீரின் Kw உங்களுக்குத் தெரிந்ததுதான்.

நாம் எடுத்துக்கொள்ளும் கரைசல் இது: 4.20 கிராம் NaHCO₃, 500 மில்லி லிட்டர் வரை நீர். மோலார் நிறை 84.0 என்பதால் 0.0500 மோல். ஆக C = 0.100 M. 25 டிகிரி செல்சியஸில் மாறிலிகள்:

```
H2CO3 ⇌ H+ + HCO3-      Ka1 = 4.45 × 10^-7    pKa1 = 6.35
HCO3- ⇌ H+ + CO3^2-     Ka2 = 4.69 × 10^-11   pKa2 = 10.33
Kw = 1.0 × 10^-14
```

Ka1-இல் ஒரு பொறி இருக்கிறது. நீரில் கரையும் CO₂-வில் மிகச் சிறு பகுதிதான் உண்மையான H₂CO₃ மூலக்கூறாக மாறுகிறது. மீதி CO₂-வாகவே கரைந்து கிடக்கிறது. 6.35 என்ற மதிப்பு இரண்டையும் சேர்த்து 'H₂CO₃' என்று எண்ணிக்கொண்டு அளந்தது. அந்த உண்மையான மூலக்கூறுக்கு மட்டும் உள்ள pKa சுமார் 3.6, சில பட்டியல்களில் அதுதான் இருக்கும். அதை எடுத்துப் போட்டால் விடை 7-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். கணக்கில் பிழை இருக்காது, எண்தான் வேறு. நமக்கு வேண்டியது 6.35.

## 2. இது இந்தக் கணக்குதானா என்று முதலில் பாருங்கள்

கரைசலில் போட்டது பைகார்பனேட் உப்பு மட்டும்தான் என்றால் இந்த வழி. அதோடு கொஞ்சம் HCl-ஓ NaOH-ஓ சேர்த்திருந்தாலும், கார்பனேட் உப்பைக் கலந்திருந்தாலும், அது தாங்கல் கரைசல். அங்கே ஹெண்டர்சன் சமன்பாடுதான் வேலை செய்யும்.

மறைமுகமாகவும் இந்தக் கணக்கு வரும். 25.0 மில்லி லிட்டர் 0.100 M Na₂CO₃-ஐ அதே செறிவுள்ள HCl-ஆல் தரம்பார்க்கும்போது, 25.0 மில்லி லிட்டர் அமிலம் சேர்ந்ததும் கார்பனேட் முழுக்கப் பைகார்பனேட்டாகிவிடும். அந்த முதல் சமானப் புள்ளியில் குடுவைக்குள் இருப்பது 0.050 M NaHCO₃. கன அளவு இரட்டிப்பாகிவிட்டதால் 0.100 அல்ல, 0.050. வினாத்தாளில் 'பைகார்பனேட்' என்ற சொல்லே வராது. பிள்ளைகள் தவறவிடும் இடம் இதுதான்.

## 3. ஒரு பக்கமாகப் போட்டால் ஏன் தப்பு

HCO₃⁻ புரோட்டானைக் கொடுக்கவும் செய்யும், வாங்கவும் செய்யும். அமிலம் என்று மட்டும் எடுத்து [H⁺] = √(Ka2·C) என்று போட்டால் 2.2 × 10⁻⁶ வரும், pH 5.66. காரம் என்று மட்டும் எடுத்தால் Kb = Kw/Ka1 = 2.25 × 10⁻⁸, [OH⁻] = 4.7 × 10⁻⁵, pH 9.68. ஒரே கரைசலுக்கு இரண்டு விடை, இடையே நான்கு அலகு வித்தியாசம்!

"அப்போ இரண்டையும் கூட்டிப் பாதியாக்கலாமா?" என்று கேட்பவர்களும் உண்டு. 7.67 வரும். அதுவும் சரியில்லை.

உண்மையில் நடப்பது வேறு. பைகார்பனேட்டுக்குப் புரோட்டான் வேண்டுமென்றால் அது நீரிடம் போய்க் கெஞ்ச வேண்டியதில்லை. பக்கத்திலேயே கொடுக்கத் தயாராக இன்னொரு பைகார்பனேட் நிற்கிறது. இரண்டும் தங்களுக்குள் மாற்றிக்கொள்கின்றன:

```
2 HCO3- ⇌ H2CO3 + CO3^2-
K = Ka2 / Ka1 = 1.05 × 10^-4
```

இந்தச் சமநிலையில் H₂CO₃-உம் CO₃²⁻-உம் ஒன்றுக்கு ஒன்று சம அளவில் உருவாகும். ஒவ்வொன்றும் பைகார்பனேட்டில் √(1.05 × 10⁻⁴), அதாவது ஏறக்குறைய 1 விழுக்காடு. 0.100 M கரைசலில் சுமார் 1.0 × 10⁻³ M. காரம் என்று மட்டும் எடுத்த கணக்கில் H₂CO₃ வெறும் 4.7 × 10⁻⁵ M-தான் வந்தது. இருபது மடங்குக்கு மேல் குறைவு. முக்கியமான வினையை விட்டுவிட்டுச் சின்ன வினையை மட்டும் எண்ணியதுதான் அந்தத் தவறு.

## 4. புரோட்டான் கணக்கை எழுதுங்கள்

இதுதான் முழு வேலையின் முதுகெலும்பு. தொடக்கத்தில் நாம் போட்டவை இரண்டு: HCO₃⁻, H₂O. புரோட்டானை வாங்கியவை எவை, கொடுத்தவை எவை என்று பிரித்து எழுதுங்கள்.

HCO₃⁻ வாங்கினால் H₂CO₃, நீர் வாங்கினால் H₃O⁺ (சுருக்கமாக H⁺). HCO₃⁻ கொடுத்தால் CO₃²⁻, நீர் கொடுத்தால் OH⁻. ஒருவர் கொடுத்ததைத்தான் இன்னொருவர் வாங்க முடியும் என்பதால்:

```
[H+] + [H2CO3] = [CO3^2-] + [OH-]
```

இந்த வரியில் HCO₃⁻ வராது. அதையும் ஒரு பக்கத்தில் சேர்த்து எழுதுவது புதியவர்கள் செய்யும் வழக்கமான பிழை. தொடக்கப் பொருள் கொடுக்கவுமில்லை, வாங்கவுமில்லை. அதனால் கணக்கில் இடமில்லை. சந்தேகம் வந்தால் மின்சுமைச் சமன்பாட்டிலிருந்து சோடியத்தின் நிறைச் சமன்பாட்டைக் கழித்துப் பாருங்கள். இதே வரிதான் கிடைக்கும்.

இப்போது எல்லாவற்றையும் [H⁺]-ஆல் எழுத வேண்டும். [H⁺]-ஐ h என்று வைத்துக்கொள்வோம். போட்ட பைகார்பனேட்டில் பெரும்பகுதி அப்படியே இருக்கிறது என்பதால் [HCO₃⁻] = C என்று எடுத்துக்கொள்கிறோம். முன்பே பார்த்தபடி 2 விழுக்காடுதான் மாறுகிறது, ஆகவே இது நியாயமான எளிமைப்படுத்தல்.

```
h + hC/Ka1 = Ka2·C/h + Kw/h
```

இரு பக்கமும் h-ஆல் பெருக்கிச் சீர்படுத்தினால்:

```
h^2 = Ka1 (Ka2·C + Kw) / (Ka1 + C)
```

மனப்பாடம் செய்ய வேண்டுமென்றால் இந்த வடிவத்தைச் செய்யுங்கள். எதை எப்போது விடலாம் என்பது இதிலேயே தெரியும். அடைப்புக்குள் Ka2·C-ஐவிட Kw மிகச் சிறியதா? கீழே C-ஐவிட Ka1 மிகச் சிறியதா? இரண்டுக்கும் ஆம் என்றால் C மேலும் கீழும் அடிபட்டுப்போகும்:

```
h = √(Ka1·Ka2)
pH = (pKa1 + pKa2) / 2
```

பாடப்புத்தகத்தில் தனியாக நிற்கும் அந்தச் சின்னச் சூத்திரம் இங்கிருந்துதான் வருகிறது. செறிவு அதில் இல்லாததைப் பார்த்துப் பலர் குழம்புவார்கள், 'C கொடுத்திருக்கிறார்களே, எங்கே போடுவது?' என்று. எங்கும் போட வேண்டாம். ஆனால் அதைத் தூக்கி எறிவதற்கு முன் அந்த இரண்டு கேள்விகளையும் கேட்க C வேண்டும்.

## 5. எண்களைப் போடுங்கள், பிறகு திருப்பிச் சரிபாருங்கள்

நம் கரைசலில் Ka2·C = 4.69 × 10⁻¹². Kw = 1.0 × 10⁻¹⁴. முதலாவது 469 மடங்கு பெரியது, Kw-ஐ விடலாம். C = 0.100, Ka1 = 4.45 × 10⁻⁷, Ka1-ஐயும் விடலாம். எனவே pH = (6.35 + 10.33)/2 = 8.34.

முழுச் சூத்திரத்தில் போட்டால் h = 4.57 × 10⁻⁹, pH 8.34. இரண்டு தசம இடம் வரை வித்தியாசமே இல்லை. தரம்பார்த்தலின் 0.050 M கரைசலுக்கும் அதே 8.34-தான். பீனால்ப்தலீன் நிறம் இழக்கும் எல்லை 8.3-ஐ ஒட்டி இருப்பதால்தான் முதல் சமானப் புள்ளிக்கு அதைப் பயன்படுத்துகிறோம்.

கால்குலேட்டரில் இரண்டு இடங்களில் சறுக்கும். Kw ÷ Ka1 போடும்போது பத்தின் அடுக்குக்கு உரிய விசையை விட்டுவிட்டு 1 × 10⁻¹⁴ ÷ 4.45 × 10⁻⁷ என்று பெருக்கல் குறியோடு தட்டினால், பல கருவிகள் 4.45-ஆல் வகுத்துவிட்டு 10⁻⁷-ஆல் பெருக்கிவிடும். பகுதியை அடைப்புக்குள் போடுங்கள். இன்னொன்று, pKa-க்களின் சராசரிக்குப் பதிலாக Ka-க்களின் சராசரியை எடுப்பது. Ka1 அவ்வளவு பெரியதாக இருப்பதால் Ka2 காணாமல் போய் pH 6.65 வரும். பெருக்கி மூலம் எடுக்க வேண்டும், கூட்டிப் பாதியாக்கக் கூடாது.

விடை வந்ததும் பேனாவை மூடிவிடாதீர்கள். அதே h-ஐ வைத்து நான்கு செறிவுகளையும் கண்டுபிடியுங்கள்:

```
[H2CO3]  = hC/Ka1  = 1.03 × 10^-3 M
[CO3^2-] = Ka2·C/h = 1.03 × 10^-3 M
[OH-]    = Kw/h    = 2.2 × 10^-6 M
[H+]     = h       = 4.6 × 10^-9 M
```

புரோட்டான் கணக்கின் இரு பக்கமும் ஒத்துப்போகிறது. H⁺, OH⁻ இரண்டும் மற்ற இரண்டோடு ஒப்பிட்டால் தூசு. கார்பானிக் அமிலமும் கார்பனேட்டும் சேர்ந்து 0.100-இல் 0.002 எடுத்துக்கொள்கின்றன, ஆகவே [HCO₃⁻] = C என்றதும் பொருந்துகிறது. pH 5.66 என்று எழுதியவர் இந்தச் சரிபார்ப்பைச் செய்திருந்தால் [H₂CO₃] = 0.49 M என்று வந்திருக்கும். போட்டதே 0.100 M! அந்த ஒரு வரியே தவறைக் காட்டிக்கொடுத்திருக்கும்.

## 6. கரைசலை நீர்க்கச் செய்யும்போது

சின்னச் சூத்திரத்தின் எல்லை Kw/Ka2 என்ற விகிதத்தில் இருக்கிறது. பைகார்பனேட்டுக்கு அது 2.1 × 10⁻⁴ M. செறிவு இதைவிட நூறு மடங்கு இருந்தால் கவலையில்லை. பத்து மடங்கு இருந்தால் 0.02 பிசகும். அதன் அருகில் வந்துவிட்டால் முழுச் சூத்திரம்தான்.

முழுச் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால் 0.010 M-இல் இன்னும் 8.34. 0.0010 M-இல் 8.30. 0.00010 M-இல் 8.09. கடைசியில் Kw, Ka2·C-ஐவிட இரண்டு மடங்குக்கு மேல் பெரியதாகிவிட்டது. நீர் தன் பங்கைக் கேட்க ஆரம்பித்துவிட்டது. [OH⁻] 1.2 × 10⁻⁶, [CO₃²⁻] அதில் பாதிக்கும் குறைவு. H₂CO₃-உம் CO₃²⁻-உம் சமம் என்ற 3-ஆம் படியின் பேச்சு இங்கே செல்லாது.

பைகார்பனேட்டில் இடிப்பது Kw பக்கம். வேறு அயனிகளில் Ka1 பக்கம் இடிக்கும். 0.010 M NaH₂PO₄-ஐப் பாருங்கள். பாஸ்பாரிக் அமிலத்துக்கு மூன்று மாறிலிகள்; H₂PO₄⁻-க்கு வேண்டியவை pKa1 = 2.15, pKa2 = 7.21. அதாவது, அந்த அயனி உருவாகும் படியின் மாறிலியும் அது பிரியும் படியின் மாறிலியும். சராசரி 4.68. ஆனால் Ka1 = 7.1 × 10⁻³, செறிவு 0.010-க்கு மிக அருகில். கீழே Ka1-ஐ விட முடியாது. முழுச் சூத்திரம் 4.80 தருகிறது. HPO₄²⁻ என்றால் Ka2-உம் Ka3-உம்.

## 7. மீட்டர் வேறு எண் காட்டினால்

பலதுறைத் தொழிற்கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இதைச் செய்து பார்ப்பவர்களுக்காக இந்தப் பகுதி. 0.100 M கரைசலை அப்போதே கரைத்து அளந்தால் மீட்டர் 8.34-ஐவிடச் சற்றுக் குறைவாகக் காட்டுவது சாதாரணம். 0.1 M அளவில் அயனிகள் ஒன்றையொன்று உணர்கின்றன. இரட்டை மின்சுமை கொண்ட CO₃²⁻-க்கு அந்தத் தாக்கம் அதிகம். மாறிலிகள் அளவின்றி நீர்த்த கரைசலுக்கு உரியவை என்பதால் 0.1 முதல் 0.2 வரை கீழிறங்கலாம்.

வெப்பநிலையும் கொஞ்சம் மாற்றும். குளிர்சாதனம் இல்லாத அறையில், நம் ஊர் வெயிலுக்கு, கரைசல் 30 டிகிரிக்கு வந்துவிடும். அப்போது pKa1 6.33, pKa2 10.29, சராசரி 8.31. சின்ன மாற்றம்தான். மீட்டரைச் சீரமைக்கும் தாங்கல் கரைசலும் அதே வெப்பநிலையில் இருக்கட்டும்.

பெரிய விஷயம் மூடி. நம் கணக்கு CO₂ உள்ளேயும் வராது, வெளியேயும் போகாது என்று எடுத்துக்கொண்டது. 5-ஆம் படியில் 'H₂CO₃' 1.03 × 10⁻³ M என்று வந்தது அல்லவா? அதில் ஏறக்குறைய எல்லாமே கரைந்த CO₂. காற்றில் CO₂ சுமார் 420 பிபிஎம் இருக்கும்போது நீர் தன்னுள் வைத்துக்கொள்ளக்கூடியது 1.4 × 10⁻⁵ M-தான். நம் கரைசலில் இருப்பது அதைப்போல் எழுபது மடங்குக்கும் மேல். எனவே பீக்கரைத் திறந்து வைத்தால் CO₂ மெதுவாக வெளியேறும், கார்பனேட் மிஞ்சும், pH ஏறிக்கொண்டே போகும். கிளறினாலும் சூடாக்கினாலும் வேகமாக ஏறும். காற்றோடு முழுச் சமநிலைக்கு வந்தால், அயனித் தாக்கத்தைக் கணக்கில் எடுக்காமல், 9.9 வரை போகும்.

நீர்த்த கரைசலில் இது தலைகீழ். 0.00010 M-இல் கணக்குப்படி இருக்க வேண்டிய H₂CO₃ 1.8 × 10⁻⁶ M. காற்று தரத் தயாராக இருப்பது அதைவிட அதிகம். எனவே CO₂ உள்ளே கரைந்து pH இறங்கும், 8.09-க்குப் பதிலாக 7.2-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். காற்றில் திறந்து கிடந்த காய்ச்சி வடித்த நீரை எடுத்தால் கரைத்த நிமிடத்திலேயே கீழே போயிருக்கும். அங்கே [H₂CO₃]-ஐக் காற்று முடிவு செய்கிறது, புரோட்டான் கணக்கு அல்ல; h = Ka1 × 1.4 × 10⁻⁵ / [HCO₃⁻] என்று போட வேண்டும்.

எனவே மீட்டர் எண்ணை எழுதும்போது செறிவு, வெப்பநிலை ஆகியவற்றோடு குடுவை மூடியிருந்ததா, கரைத்து எவ்வளவு நேரத்தில் அளந்தீர்கள் என்பதையும் எழுதிவையுங்கள். எண் நேரத்தோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்தாலே CO₂ எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லிவிடலாம். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, ஆனாலும் 8.34-லிருந்து அரை அலகுக்கு மேல் விலகி நிற்கிறது என்றால், மின்முனையைச் சீரமைத்ததில்தான் கோளாறு தேட வேண்டும். அல்லது டப்பாவைப் பாருங்கள். பழைய சமையல் சோடாவில் கொஞ்சம் கார்பனேட் ஏற்கெனவே இருந்தால் தொடக்கத்திலேயே pH கூடுதலாகத்தான் இருக்கும், அப்புறம் அது 2-ஆம் படியில் சொன்ன தாங்கல் கரைசல் கணக்காகிவிடும்.